படுக்கையறையில் செடி வைத்தால் ஒட்சிசன் குறையுமா?

வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடொன்றில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "இரவில் செடி ஒட்சிசனை எடுத்துவிடும் என்று மாமி மணி பிளாண்ட் சாடியைத் தினமும் பல்கனியில் வைக்கிறா. அது உண்மையா?"

எடுப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாடி இருட்டில் நிமிடத்துக்கு ஒரு மில்லிலீற்றர் காபனீரொட்சைட்டைக்கூட வெளிவிடாது. உறங்கும் பெரியவர் ஒருவரோ ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் வெளிவிடுகிறார். பயத்துக்கு இடமே இல்லை. புளியமரப் பேய்க்கதைக்கும் இதையே அறிவியல் விளக்கமாகச் சொல்லுகிறார்கள். திறந்த வெளியில் காற்று கலந்துவிடுவதால் அதுவும் பொருந்தாது.

செடி பகலிலும் சுவாசிக்கிறது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். ஒளித்தொகுப்பு காபனீரொட்சைட்டையும் நீரையும் எடுத்து வெல்லமாக்கி, ஒட்சிசனை விடுகிறது. இலையில் அந்த வேலையைச் செய்யும் பச்சையவுருமணி பிடிக்கும் ஒளிச்சக்தியில் ஒரு பகுதி அந்த வெல்லத்தில் சேமிக்கப்படுகிறது. வெளிச்சமே படாத வேருக்குப் போய்ச் சேருவது வெல்லம்தான். அதை ஒட்சிசனோடு சேர்த்து உடைத்தால்தான் வேர்க் கலத்துக்குச் சக்தி கிடைக்கும். அதுதான் சுவாசம்.

இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். சிவப்பு நிற இருகாபனேற்றுக் காட்டியை நான்கு சோதனைக் குழாய்களில் ஊற்றி, மூன்றில் ஐதரில்லா என்ற நீர்ச்செடியின் துண்டு போட்டு, எல்லாவற்றையும் அடைத்து வெளிச்சத்தில் வையுங்கள். செடி உள்ள குழாய்களில் ஒன்றை அலுமினியத் தாளாலும் இன்னொன்றை மெல்லிய துணியாலும் சுற்றுங்கள். சில மணி நேரத்தில் தாள் சுற்றியது மஞ்சளாகும்: காபனீரொட்சைட்டு கூடிவிட்டது. எதுவும் சுற்றாத செடிக் குழாய் ஊதாவாகும்: குறைந்துவிட்டது. செடியில்லாத குழாய் சிவப்பாகவே இருக்கும்.

எனக்குப் பிடித்தது துணி சுற்றிய குழாய். துணியின் தடிப்பைச் சரியாக அமைத்தால் அதுவும் சிவப்பாகவே நிற்கும். உள்ளே செடி சும்மா இருக்கவில்லை. கலத்தில் சுவாசம் நடக்கும் இடமான இழைமணி விடும் காபனீரொட்சைட்டை அதே இலையின் பச்சையவுருமணி வாங்கிக்கொள்கிறது. அது விடும் ஒட்சிசனை இழைமணி வாங்குகிறது. வெளியே எதுவும் வருவதில்லை. இந்த ஒளி அளவைத்தான் ஈடுசெய் புள்ளி என்கிறோம்.

நிழலுக்குப் பழகிய மணி பிளாண்டுக்கு அந்தப் புள்ளி மிகத் தாழ்வு. அறையின் மங்கல் வெளிச்சத்திலும் பிழைக்கும். வெயில் கேட்கும் மிளகாய்க் கன்றை அதே மூலையில் வைத்தால் வரவைவிடச் செலவு கூடும். தண்டு வெளிறி நீளும், அடியிலைகள் மஞ்சளாகி உதிரும். சூடு கூடினால் சுவாசமும் கூடும் என்பதால், கொழும்பின் புழுக்கமான இரவுகளில் சேமிப்பு இன்னும் வேகமாகக் கரையும்.

அப்படி வாடும் செடிக்குத் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றுவார்கள். நீரினூடு ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் உள்ளதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. மண்ணின் இடைவெளிகள் நீரால் நிரம்பினால் வேர் சுவாசிக்க முடியாமல் அழுகும். சாடியைத் தூக்கி அடித்துளையை முகர்ந்து பாருங்கள்; அழுகல் வாடை வந்தால் தண்ணீரை நிறுத்தி, மண்ணை மாற்றி, சன்னலோரம் வையுங்கள்.