ஊசிக்கு முந்தின பத்து நிமிடம்

பாடசாலைத் தடுப்பூசி நாளில் பிள்ளைகள் முதலில் பார்ப்பது ஊசியை அல்ல, ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வரும் பிள்ளையின் முகத்தைத்தான். இதை மட்டக்களப்புப் படுவான்கரையில் உள்ள ஒரு பாடசாலையில், என் பிழையால்தான் நான் படித்தேன்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் நம் நாட்டில் தரம் 6 மாணவிகளுக்குப் போடப்படுகிறது. அன்றைக்கு முதலாவது ஊசி, 31 பிள்ளைகள். மண்டப வாசலில் இருந்து மேசை வரைக்கும் ஒரே வரிசையாக நிற்க வைத்தோம். கடைசியில் நின்ற பிள்ளைக்கும் மேசையில் இருந்த ஊசித்தட்டு நன்றாகத் தெரிந்தது. "எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும், வலிக்கவே வலிக்காது" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிச் சொல்லிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதாக வந்த பிள்ளை கதிரையில் இருந்து எழும்பி ஓடினாள். இரண்டு ஆசிரியைகள் பிடித்துக்கொண்டு வந்தார்கள், நாங்கள் கையைப் பிடித்தே போட்டு முடித்தோம். அழுது முடித்த பிறகு என்னைப் பார்த்து, "எறும்பு எண்டு சொன்னீங்களே மிஸ்" என்றாள்.

அதற்குப் பிறகு வரிசையே மாறிப்போனது. மூன்று பிள்ளைகளுக்குத் தலைசுற்றியது. சத்தமே போடாமல் ஊசி போட்டுக்கொண்டு போன இன்னொரு பிள்ளை, நாலைந்து நிமிடம் கழித்து வகுப்பறைப் படியில் மயங்கி விழுந்து மோவாயில் வெட்டுப்பட்டாள். மருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயத்தால்தான் இவ்வளவும் நடந்தது. 2014இல் கொலம்பியாவில் எல் கார்மென் தெ பொலிவார் என்ற ஊரில் இதே தடுப்பூசிக்குப் பிறகு மாணவிகள் நூற்றுக்கணக்கில் மயக்கமும் கைகால் விறைப்புமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருந்தில் குறை இல்லை, பயம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியதுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஆனாலும் அந்த நாட்டில் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளின் தொகை சரிந்து விழுந்தது. வரிசையில் ஒரு பிள்ளை அழுவதைச் சின்ன விசயமாக என்னால் இப்போது எடுக்க முடியாதது அதனால்தான்.

ஆறு மாதம் கழித்து அதே பிள்ளைகளுக்கு இரண்டாவது ஊசி. இந்தத் தடவை முதல் நாளே போய், வகுப்பில் ஒரு பாடவேளையை வாங்கிக்கொண்டேன்.

நோயைப் பற்றி அன்றைக்கு அதிகம் சொல்லவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது தன் கைக்கு என்ன நடக்கப் போகிறது என்பதுதான். நடக்கும் ஒழுங்கிலேயே சொன்னேன். "முதல்ல கதிரையில இருப்பீங்க. ஈரப் பஞ்சால துடைப்பன், குளிரும். மறுகா ஒரு குத்து. அது வலிக்கும். பிறகு மருந்து போகக்குள்ள கை பாரமா, இறுக்கமா இருக்கும். அஞ்சு எண்ணி முடிய ஊசி வெளியில வந்திரும். ஒரு நாள், ரெண்டு நாள் கை உளையும்." மருந்து எவ்வளவு என்று ஒரு பிள்ளை கேட்டாள். அரை மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டியில் பத்தில் ஒரு பங்கு. ஊசி பூட்டாத வெறும் சிரிஞ்சில் அந்த அளவு தண்ணீர் எடுத்துக் கையிலேயே கொடுத்தேன். "இவ்வளவுதானா?" என்ற பேச்சு வாங்குக்கு வாங்கு போனது.

"வலிக்கும்" என்று சொல்ல நம்மில் பலருக்கு மனம் வராது. ஆனால் வலிக்காது என்று கேட்டு வந்த பிள்ளைக்கு வலித்தால், அடுத்தது நாம் சொல்லும் எதையும் அவள் நம்பமாட்டாள். "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் ஏதோ இருக்கிறது என்றுதான் பிள்ளையின் காதில் விழும். வீடுகளில் "குழப்படி செஞ்சா மிஸ்ஸக் கூப்பிட்டு ஊசி போடுவன்" என்கிற வழக்கம் நமக்கு இருக்கிறது. அம்மாமாரே, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அந்தப் பயத்தை இறக்கிவைக்க எனக்கு ஒரு பாடவேளை தேவைப்படுகிறது.

கடைசியாக எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேட்டேன். ஊசியைப் பார்க்க விருப்பமா, மற்றப் பக்கம் திரும்ப விருப்பமா? பக்கத்தில் யார் இருக்க வேண்டும்? பார்த்தால்தான் தைரியம் வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களை வலிந்து திருப்பக் கூடாது. காலையில் சாப்பிடாமல் வரக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நாள் வரிசை இல்லை. ஐந்தைந்து பேராக அழைத்து வாங்கில் இருத்தினோம். ஊசித்தட்டு திரைக்குப் பின்னால் இருந்தது. போட்டவர்கள் வேறு வாசலால் போனார்கள். போன தடவை எழும்பி ஓடிய பிள்ளையை முதல் ஐவருக்குள் எடுத்தேன். பயந்த பிள்ளைகளைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பது இரக்கம் போலத் தெரியும். உண்மையில் காத்திருக்கக் காத்திருக்கத்தான் பயம் வளர்கிறது.

அவள் குளிர் வேண்டும் என்று முதல் நாளே கேட்டிருந்தாள். கடையில் வாங்கிய ஐஸ் பக்கட் ஒன்றை லேஞ்சியில் சுற்றி, மேல்கையில் ஊசி போடும் இடத்தில் அவளையே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். குளிர் பட்ட இடத்தில் நரம்பு மெதுவாகத்தான் சேதி சொல்லும். அதோடு, அழுத்தத்தின் சேதியும் கூடவே போனால் வலியின் சேதி முள்ளந்தண்டிலேயே நெருக்குப்பட்டு நிற்கும் என்ற விளக்கத்தை, வலியை ஆராய்ந்த மெல்சாக்கும் வோலும் 1965இல் முன்வைத்தார்கள். ஒன்றிரண்டு நிமிடம் போதும். ஐஸ் நேரே தோலில் படக் கூடாது, தோல் வெளுக்கும் அளவுக்கு வைக்கவும் கூடாது. எடுத்தவுடன் ஈரத்தைத் துடைத்து, தாமதிக்காமல் போட வேண்டும், ஏனென்றால் அந்த விறைப்பு சீக்கிரம் போய்விடும். ஐஸை எடுத்து வைத்துவிட்டுப் பதிவேட்டில் பெயர் தேடிக்கொண்டிருந்தால் வைத்தது வீண். ஸ்பிரிட்டால் துடைத்தால் அது காயும் வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், அந்த எரிவைப் பிள்ளை ஊசியின் வலி என்றே நினைக்கும்.

குளிர் மரக்கச் செய்வது தோலை மட்டும்தான். மருந்து தசைக்குள் போகும்போது வரும் உளைவை அது தொடாது, அதையும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன். குளிர் பட்டால் தோல் தடித்துச் சொறியும் பிள்ளைகளுக்கு ஐஸ் வேண்டாம். என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று: தடுப்பூசிப் பெட்டிக்குள் இருக்கும் ஐஸ் பையை இதற்காக எடுக்கவே கூடாது. பெட்டியைத் திறந்து திறந்து மூடினால் மருந்தின் 2 முதல் 8 பாகை வரையான குளிர் கெட்டுவிடும். பிள்ளையின் வலியைக் குறைக்கப் போய் மருந்தைப் பழுதாக்கினால், போட்ட ஊசியே பயனில்லாமல் போய்விடும்.

ஐஸைப் பிடித்திருந்த நேரத்தில் அவள் மற்றக் கையில் தென்னோலைக் காற்றாடி ஒன்று இருந்தது. பாடசாலை வளவில் கிடந்த ஓலையில் பிள்ளைகளே செய்தது. மூக்கால் மூன்று எண்ணும் வரை மூச்சை எடுத்து, சுடுதேத்தண்ணியை ஊதி ஆற்றுவது போல ஐந்து எண்ணும் வரை விட வேண்டும். காற்றாடி மெதுவாக, நிற்காமல் சுற்றினால் மூச்சு சரி. விர்ரென்று சுற்றி நின்றால் பிள்ளை அவசரப்பட்டு ஊதுகிறது. வேகமாக ஊதிக்கொண்டே போனால் விரல் நுனியும் உதடும் கூசி, தலை சுற்றும். பிள்ளை அதை மயக்கம் என்று எண்ணி இன்னும் பயப்படும்.

கையைத் துடைக்கும்போது, அவள் வீட்டில் இருந்து பாடசாலைக்கு வரும் வழியில் உள்ள வீடுகளைக் கடைசியில் இருந்து திருப்பிச் சொல்லச் சொன்னேன். "கேற்றுக்கு முன்னால கடை... அதுக்கு முதல் தயிர்ச்சட்டி அம்மம்மா வீடு... அதுக்கு முதல்..." நேராகச் சொல்வதென்றால் வாய் சொல்லும், மனம் ஊசியில் இருக்கும். பின்னால் இருந்து சொல்ல வேண்டும் என்றால் மனமும் கூடவே போக வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளையிடம் "அங்க பாரு காகம்" என்று சொல்லிவிட்டுக் குத்தினால் ஏமாற்றியதாகத்தான் நினைப்பாள். அதனால் "இப்ப போடப் போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டேன். கை மடியில் தளர்வாகக் கிடந்தது. இறுகிய தசையில் ஊசி கூட வலிக்கும் என்பதால் அதை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். குத்தும்போது "ஸ்ஸ்" என்றாள், ஒரு வீட்டைத் தவறவிட்டாள், திரும்பப் பிடித்துக்கொண்டாள்.

படியில் விழுந்த மற்றப் பிள்ளைக்கு இந்த மூச்சுப் பயிற்சியைக் கொடுக்கவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஊசியைக் கண்டு மயங்கி விழுகிற பிள்ளைக்கு இரத்த அழுத்தம் சடாரென்று இறங்குகிறது. அவளை "உடம்பைத் தளர விடு" என்றால் இன்னும் இறங்கும். அவளுக்குத் தேவை எதிர்மாறானது. கால், தொடை, வயிறு, ஊசி போடாத கை எல்லாவற்றையும் முகம் சூடேறும் வரை பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடித்து, அரை நிமிடம் போல விட்டு, திரும்ப இறுக்க வேண்டும். ஐந்து தடவை செய்தாள். ஊசி போடும் கையை மட்டும் தளர விடச் சொன்னேன். ஊசியைப் பாயில் படுத்தபடியே போட்டுக்கொண்டாள்.

போட்ட பிறகு எல்லோரும் 15 நிமிடம் பாயில் இருந்தார்கள். மயங்கும் பிள்ளைக்கு முகம் வெளிறும், வியர்க்கும், நாடித்துடிப்பு மெதுவாகும். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் கண் திறப்பாள். படுக்க வைத்தும் தெளியாமல், தோல் தடித்து, மூச்சு இழுத்து, உதடு வீங்கி, நாடி வேகமாக ஓடினால் அது ஒவ்வாமை. அதைப் பயம் என்று தட்டிக் கழிக்கக் கூடாது. அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியது அதற்காகத்தான்.

அன்றைக்கு ஒரு பிள்ளை மாட்டேன் என்றாள். ஐஸ், காற்றாடி எதுவும் உதவவில்லை. கதிரையில் இருத்தினாலே உடம்பு நடுங்கியது. அவளைப் பிடிக்கவில்லை. தாயோடு கதைத்து, சனநடமாட்டம் குறைந்த ஒரு கிளினிக் நாளில் வரச் சொன்னேன். முதல் நாள் வாசல் வரை வந்து சிரிஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். இரண்டாவது தடவை ஊசி போடாமலே படுக்கையில் படுத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப போடுங்க மிஸ்" என்று அவளே சொன்னாள்.