வேளை பழகும் நினைவூட்டல்: ஒரு சொல் விளக்கம்

தென்காசியில் இருக்கும் என் அத்தைக்கு ரத்த அழுத்தம் உண்டு. போன வருடம் அவர் பார்க்கும் மருத்துவமனையில் ஒரு செயலியைப் போனில் போட்டுக் கொடுத்தார்கள். தினமும் ஒரு தடவை "இன்று தலைச்சுற்றல் இருந்ததா? மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கும், இவர் ஆமாம் இல்லை என்று தட்ட வேண்டும், அவ்வளவுதான். சில வாரம் கழித்து அதில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது: "தகவமைப்பு நினைவூட்டலை இயக்கவும்." அத்தை எனக்குப் போன் போட்டு, "ஏம்ப்பா, இதுல நான் எதைத் தகவமைக்கணும்?" என்று கேட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவரே அதை அணைத்துவிட்டார்.

இந்த ஒரு மாதத்தில் இதே சொல்லை நான் பார்ப்பது நான்காவது தடவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். எல்லாருக்கும் காலை 8 மணிக்கே கேட்காமல், ஒருவர் முன்பு கேட்டபோதெல்லாம் எந்த நேரத்தில் பதில் சொன்னார் என்று குறித்து வைத்து, அந்த நேரத்தை ஒட்டி அடுத்த கேள்வியை அனுப்புவது. ஆங்கிலத்தில் இதற்கு அடாப்டிவ் ரிமைண்டர் என்று பெயர். மொழி கற்றுத்தரும் டுவோலிங்கோவில் Smart Scheduling என்று இருப்பதும் இந்த வகைதான். அடாப்ட் என்பது லத்தீனில் 'பொருந்திய' என்று பொருள்படும் ஆப்டஸ் என்ற சொல்லின் வழி வந்தது, 'பொருத்திக்கொள்' என்பதே அதன் அடிப்படை. வேர் பற்றி இவ்வளவு போதும், சிக்கல் வேரில் இல்லை.

தகவமைப்பு என்ற சொல்லில்தான் சிக்கல். தகவு என்றால் தகுதி, பொருத்தம். நல்ல பழைய சொல், அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் தகவமைப்பு என்று சேர்த்ததும் அது பள்ளிக்கூடத்து அறிவியல் பாடத்துக்குப் போய்விடுகிறது. கள்ளிச்செடியின் இலை முள்ளானது, ஒட்டகத்தின் பாதம் அகன்றது என்று படித்தோமே, அந்த இடம். அங்கே மாறுவது உயிர், மாறாமல் நிற்பது பாலைவனம். சூழலுக்கு ஏற்றபடி உயிர்தான் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். இதை நினைவூட்டலோடு ஒட்டினால் படிக்கிறவர் தன்னைத்தானே அந்த உயிராக எடுத்துக்கொள்கிறார். அத்தை கேட்டதும் அதைத்தான். உண்மையில் இங்கே மாற வேண்டியது செயலி, மாறாமல் இருக்கப்போவது அத்தையின் அன்றாடம். சொல் விஷயத்தைத் தலைகீழாகக் காட்டுகிறது. இன்னொன்று, பாடப்புத்தகத்துத் தகவமைப்பு பல தலைமுறைகளாக நடந்து முடிந்த ஒன்று, உடம்பில் நிலைத்துவிட்ட அமைப்பு. இங்கே நடப்பது அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டே இருப்பது, அடுத்த மாதம் அத்தை தன் மகள் வீட்டுக்குப் போய்த் தங்கினால் திரும்பவும் மாற வேண்டியது.

சிலர் 'ஏற்புடைய நினைவூட்டல்' என்றும் எழுதுகிறார்கள். ஏற்புடைய என்றால் ஏற்றுக்கொள்ளத்தக்க. அப்படியானால் மற்ற நினைவூட்டல் எல்லாம் ஏற்கத்தகாததா? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து வைத்தது அது, அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் சொல்வது 'வேளை பழகும் நினைவூட்டல்'. பழகுதல் என்பது தமிழில் நன்றாக வேலை செய்யும் சொல். கை பழகிவிட்டது, மாடு வண்டிக்குப் பழகிவிட்டது என்கிறோம். திரும்பத் திரும்ப நடந்து அதனால் படிந்தது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. யார் எதற்குப் பழகுவது என்பதிலும் குழப்பமில்லை, பழகுவது நினைவூட்டல்.

வேளைக்கு வருகிறேன், இங்கேதான் எனக்குச் சண்டை. 'நேரம்' போதுமே என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. நேரம் என்றால் கடிகாரம் காட்டுவதும் நேரம், பிடித்த அளவும் நேரம். 'பதில் நேரம்' என்று எழுதினால் அத்தை 10:40க்குப் பதில் சொன்னார் என்பதா, கேட்டு 40 நிமிடம் கழித்துச் சொன்னார் என்பதா? இரண்டுக்கும் அந்தச் சொல் இடம் கொடுக்கிறது, இந்தத் துறையிலோ இரண்டையும் பிரிப்பதுதான் முக்கால்வாசி வேலை. ஏன் என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம்.

ஒரு செயலி முதல் வாரம் காலை 8 மணிக்குக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போன் சத்தம் கேட்டு, கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு, வழக்கமாக 8:40க்குப் பதில் சொல்கிறார். செயலி "ஓ, இவருடைய நேரம் 8:40" என்று முடிவு செய்து இரண்டாவது வாரம் 8:40க்குக் கேட்கிறது. அவருக்கு எப்போது கேட்டாலும் 40 நிமிடம் ஆகும், அதனால் பதில் 9:20க்கு வருகிறது. மூன்றாவது வாரம் 9:20க்குக் கேட்டால் பதில் 10 மணிக்கு. இப்படியே போனால் ஏழாவது வாரம் மதியம் 12 மணிக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். செயலி அவருடைய பழக்கத்தைப் படிக்கவில்லை, தான் போட்ட சத்தத்தின் எதிரொலியைப் படித்து அதன் பின்னாலேயே ஓடியது.

என் அத்தை கதை வேறு. காலையில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, சமையல் முடித்து, சாமி கும்பிட்டு, 10:40 வாக்கில்தான் போனையே கையில் எடுப்பார். 8 மணிக்குக் கேட்டாலும் 10:40, 9:20க்குக் கேட்டாலும் 10:40. அவருக்கு அது வேளை. முன்னே சொன்னவருக்கு இருப்பது வெறும் தாமதம். ஒரே மணிக்குத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த இரண்டு பேரையும் பிரித்தறிய வழியே இல்லை. இடையிடையே சில நாள் வேண்டுமென்றே நேரத்தைக் கலைத்து, ஒரு நாள் ஏழரைக்கும் ஒரு நாள் பத்துக்கும் அனுப்பிப் பார்க்க வேண்டும். கேள்வி நகர்ந்தபோது பதிலும் கூடவே நகர்ந்தால் அது தாமதம், கேள்வி நகர்ந்தும் பதில் அங்கேயே நின்றால் அது வேளை. தாமதத்துக்காரருக்கு நேரத்தை நகர்த்துவதால் பெரிய பயன் இல்லை, விட்டுவிடலாம். வேளைக்காரருக்கு 10:30க்குக் கேட்டால் கேள்வி மற்ற அறிவிப்புகளுக்கு அடியில் புதைந்து போகாது.

இதனால்தான் 'பதில் வேளை', 'பதில் தாமதம்' என்று இரண்டு சொல் வேண்டும் என்கிறேன். இரண்டையும் 'பதிலளிப்பு நேரம்' என்று ஒரே மூட்டையில் கட்டிய ஆவணம் ஒன்று என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. அதில் ஒரு பத்தியில் அந்தச் சொல் மணியையும் அடுத்த பத்தியில் நிமிடங்களையும் குறித்தது. நான் மூலத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன், தமிழை மட்டும் படிக்கிறவர் என்ன செய்வார்?

வேளை வடசொல் வழி வந்தது, 'பொழுது' என்று போடுங்கள் என்பது இன்னொரு வாதம். வேளையின் பிறப்பு பற்றி நான் மறுக்கவில்லை. ஆனால் பொழுது இந்த இடத்துக்குப் பெரிது. ஒரு நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறாகப் பிரித்தால் ஒரு சிறுபொழுது பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம். அத்தையின் 10:40க்கு அது மிகவும் அகலம். வேளை என்பதோ எந்தப் பாட்டிக்கும் தெரிந்த சொல். "மூணு வேளை மாத்திரை", "சாப்பாட்டு வேளையில் வராதே", "நல்ல வேளை" என்று புழங்குவது. கடிகாரத்தில் ஓர் இடம், அந்த இடத்தில் வழக்கமாக நடக்கும் ஒரு காரியம், இரண்டையும் சேர்த்துச் சொல்வது வேளை. தலைமுறை தலைமுறையாக நம் வாயில் புழங்கிய சொல்லைப் பிறப்புச் சான்றிதழ் கேட்டுத் துரத்தினால் கடைசியில் நமக்கு மிஞ்சுவது யாருக்கும் புரியாத சுத்தம். எனக்குத் தெளிவுதான் முதலில், மருத்துவச் செயலியில் அதை விட்டுக்கொடுக்கவே முடியாது.

மருத்துவம் என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று. செயலி இப்படித் தினமும் கேட்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'செக்-இன்' என்பதைப் பலரும் 'சரிபார்ப்பு' என்கிறார்கள். சரிபார்ப்பது கணக்கை, ஆதார் எண்ணை. ஒருவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பது விசாரிப்பு. "ஊரிலிருந்து வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்" என்று சொல்கிறோமே, அதேதான். இதைப் பிரித்து எழுதாவிட்டால் ஆபத்தும் இருக்கிறது. விசாரிப்பின் வேளை பயனரைப் பார்த்து நகரலாம். மாத்திரை நினைவூட்டல் அப்படி நகரக் கூடாது. தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லியிருப்பார்கள், அவர் பத்தரைக்குத்தான் போனைப் பார்க்கிறார் என்பதற்காக அது பத்தரைக்கு, டிபன் சாப்பிட்ட பிறகு, ஒலிக்கக் கூடாது. இரண்டுக்கும் 'நினைவூட்டல்' என்று ஒரே பெயர் வைத்து, அதன்மேல் 'தகவமைப்பு' என்ற முத்திரையையும் குத்தினால், எது நகரும் எது நகராது என்று திரையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மொழிபெயர்ப்பவர்கள்மேல் எனக்குள்ள குறை இதுதான். சொல்லுக்குச் சொல் தேடுகிறார்கள், அந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று கேட்பதில்லை. அவர்களுக்கு வருவது ஒரு நீள அட்டவணை, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் காலிக் கட்டம், திரை எப்படி இருக்கும் என்றுகூட யாரும் காட்டுவதில்லை. நானும் அப்படி அட்டவணை நிரப்பியவன்தான், அந்தக் கஷ்டம் தெரியும். ஆனாலும் "இது எப்போது தோன்றும், யார் படிப்பார்?" என்று ஒரு வரி திருப்பிக் கேட்டு அனுப்ப முடியும். கேட்டால் பெரும்பாலும் பதில் வருகிறது.

அப்புறம், கட்டுரையில் எழுத 'வேளை பழகும் நினைவூட்டல்' சரி. பயனர் பார்க்கும் திரையில் பெயர்ச்சொல்லே வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "நீங்கள் வழக்கமாகப் பதில் சொல்லும் வேளை பார்த்து விசாரிக்கட்டுமா? மாத்திரை நேரம் மாறாது." கீழே 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான். போன ஞாயிற்றுக்கிழமை இந்த வரியை ஒரு தாளில் எழுதி அத்தையிடம் காட்டினேன். "இதுக்குத்தானா அந்தப் பேரு?" என்று கேட்டுவிட்டு, செயலியைத் திறந்து, அணைத்து வைத்திருந்ததை மறுபடி போட்டுக்கொண்டார்.