எந்தச் சாவி? அம்புக்குறிகளும் எண்களும் நிறைந்த உரையைப் படியெடுக்கும்போது

“அந்தச் சாவி 30 ஆண்டுகளில் ஒருநாளும் தாமதமாகத் திரும்பியதில்லை.”

பணி ஓய்வு பெறும் நூலகர் ஒருவருக்கான பாராட்டுரையில், வணக்கத்துக்கு அடுத்த முதல் வரியாக இதைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தேன். விழாவுக்கு முன் ஒருமுறை வாசித்துப் பார்த்த பேச்சாளர் தொலைபேசியில் கேட்டார்: “எந்தச் சாவி?” கையெழுத்துப் பிரதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சொற்கள் அனைத்தும் சரியாக இருந்தன, ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. ஆனால் அந்த வரி வேறு இடத்தில் இருக்க வேண்டியது. அம்புக்குறியை நான் தவறாகப் படித்திருந்தேன்.

கையால் எழுதிய உரைகளைப் படியெடுப்பவர்கள் புரியாத எழுத்துக்காகக் கால் மணி நேரம் செலவிடுவோம். பத்தியை நகர்த்தும் குறியையோ ஒரு பார்வையில் கடந்துவிடுவோம். எழுத்துப் பிழை வாசிப்பவர் கண்ணில் பட்டுவிடும். இடப் பிழை அப்படிப் படாது, ஏனென்றால் ஒவ்வொரு வாக்கியமும் தனியாக நன்றாகவே இருக்கும். அந்த நூலகர் உரையின் அந்த ஒரு பக்கத்தையே எடுத்துக்கொண்டு, இதில் எங்கே கவனம் வேண்டும் என்று சொல்கிறேன்.

பக்கத்தில் வணக்கத்துக்குக் கீழே நான்கு பத்திகள் இருந்தன. அவற்றுக்கு மேலிருந்து கீழாக அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைத்தேன். எப்போதும் எழுத்துகளையே வைக்கிறேன், எண்களை வைப்பதில்லை. ஆசிரியர் எழுதிய எண்களோடு என் எண்களும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

அ: “இன்று மாலை அவர் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகிறார்…”
ஆ: “அவர் வந்த முதல் நாளில் இந்த நூலகத்தில் இரண்டே அலமாரிகள்…”
இ: “அந்த இரண்டு அலமாரிகளையும் அவர் நிரப்பிய கதையை நீங்கள் அறிய வேண்டும்…”
ஈ: “நாளை முதல் புதியவர் ஒருவர் வருவார். அந்தச் சாவி 30 ஆண்டுகளில் ஒருநாளும் தாமதமாகத் திரும்பியதில்லை. அந்த ஒழுங்கை நாம் காப்பாற்ற வேண்டும்…”

ஓரத்தில் அ-வுக்கு எதிரே சிவப்பு மையில் வட்டமிட்ட 3, ஆ-வுக்கு 1, இ-க்கு 2. ஈ-க்கு எண் இல்லை. அதோடு, ஈ-யில் உள்ள சாவி வாக்கியத்தைப் பகர அடைப்புக்குள் போட்டு, அங்கிருந்து ஒரு நீல அம்பு மேலேறி, அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே இருந்த வெற்று வரியில் முடிந்திருந்தது.

முதலில் எண்களைப் பார்ப்போம். ஓரத்தில் 3, 1, 2 என்று இருந்தால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. ‘இந்தப் பத்தி மூன்றாவதாகப் போக வேண்டும்’ என்பது ஒன்று. அப்படிப் படித்தால் வரிசை ஆ, இ, அ. ‘இந்த இடத்தில் இப்போதைய மூன்றாம் பத்தி வர வேண்டும்’ என்பது இன்னொன்று. அப்படிப் படித்தால் வரிசை இ, அ, ஆ. பெரும்பாலானவர்கள் முதல் பொருளில்தான் எழுதுகிறார்கள். ஆனால் எழுதும்போதே முழு வரிசையையும் மனத்தில் ஓட்டிப் பார்ப்பவர்கள் சிலர் ‘இங்கே எது வரும்’ என்ற கணக்கில் எண் போடுவார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு பத்திகள் மட்டும் இடம் மாறினால், ஓரத்தில் 2, 1 என்றுதான் இருக்கும். எந்தப் பொருளில் படித்தாலும் விடை ஒன்றே. அதனால் ஒருவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பல மாதங்கள் படியெடுத்தும், அவர் எந்தப் பழக்கத்தில் எண் போடுகிறார் என்பது தெரியாமலே இருந்துவிடலாம். மூன்று பத்திகள் சுற்றி இடம் மாறும் முதல் நாளில்தான் வித்தியாசம் வெளிப்படும். புதிதாக ஒருவருடைய உரை வந்தால் இதை நேரடியாகவே கேட்டுவிடுகிறேன்: “நீங்கள் ஓரத்தில் போடும் எண், அந்தப் பத்தி போய்ச் சேரும் இடமா, அங்கே வரவேண்டிய பத்தியா?”

கேட்க ஆள் இல்லையென்றால் பத்தியின் முதல் சொற்களே சாட்சி. இ-யின் தொடக்கம் “அந்த இரண்டு அலமாரிகளையும்”. ‘அந்த’ என்று சுட்டுவதற்கு முன்னால் அலமாரி பற்றிய பேச்சு வந்திருக்க வேண்டும், அது ஆ-வில்தான் இருக்கிறது. இ முதலில் வந்தால் அந்தச் சுட்டு அந்தரத்தில் நிற்கும். ஆகவே ஆ, இ, அ என்ற வரிசைதான் பொருந்துகிறது. இந்த ஆசிரியர் எண்ணைப் போய்ச் சேரும் இடமாகவே எழுதுகிறார்.

எண்ணுக்கு மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு. பக்கத்தின் நடுவே ஒரு செருகல் குறியும் அருகே 1 என்ற எண்ணும் இருக்கும், தாளின் பின்புறத்தில் அதே 1-உடன் ஒரு புதிய பத்தி இருக்கும். அது இணைப்பு எண், வரிசை எண் அன்று. இணைப்பு எண் இரண்டு இடங்களில் வரும், வரிசை எண் ஒரே இடத்தில்தான் வரும். பத்தி எண்களில் ஒன்று விட்டுப்போயிருந்தாலோ, ஒரே எண் இருமுறை இருந்தாலோ, இரண்டு வகையும் கலந்திருக்கின்றனவா என்று சந்தேகப்பட வேண்டும்.

இனி அம்புக்குறிக்கு வருவோம். நான் தவறியது இங்கேதான். அம்பு முடிந்த இடம் அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவில் இருந்த வெற்று வரி. வரிசை மாறாமல் இருந்திருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் எண்களின்படி ஆ முதலில் போகிறது, அ மூன்றாவதாகப் போகிறது. அந்த இடைவெளியே இல்லாமல் போய்விடுகிறது! ‘அ முடிந்த பிறகு’ என்று படித்தால் சாவி வாக்கியம் மூன்றாம் பத்தியின் வாலில் சேரும். ‘ஆ தொடங்கும் முன்’ என்று படித்தால் உரையின் தலையில் ஏறும். நான் முதலில் எண்களின்படி பத்திகளை மாற்றி அடுக்கினேன், பிறகு அம்பைப் பார்த்தேன். அதன் கூர்முனை ஆ-வின் முதல் வரிக்குச் சற்று நெருங்கி இருந்தது. அதை நம்பி வாக்கியத்தை ஆ-வுக்கு முன்னே வைத்துவிட்டேன்.

விடை மையில் இருந்தது. உரையும் அம்பும் ஒரே நீல மை, எண்கள் மட்டும் சிவப்பு. எழுதிய கையோடு, அதே பேனாவால் அம்பு போடப்பட்டிருக்கிறது. பிறகு வேறொரு சமயம் உட்கார்ந்து பத்திகளுக்கு எண் கொடுத்திருக்கிறார். அம்பு போட்ட நேரத்தில் பத்திகளின் வரிசை அ, ஆ, இ, ஈ-தான். அப்போது அவர் மனத்தில் அ-வில் பேசிய சாவியைத் தொடர்ந்து இந்த வாக்கியம் வந்திருக்கிறது. பிறகு அ-வுக்கு 3 என்று எழுதியபோது, அதில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட வாக்கியமும் உடன் போகிறது. ஆக, குறிகளைப் போடப்பட்ட காலவரிசையில் நிறைவேற்ற வேண்டும்: முதலில் அம்பு, பிறகு எண்கள். அப்படிச் செய்தால் ஆ, இ, பிறகு சாவி வாக்கியத்தோடு அ, கடைசியில் ஈ. “அந்தச் சாவி” என்ற சுட்டுக்கும் முன்னால் சாவி வந்துவிடுகிறது. மையும் சொல்லும் ஒரே பக்கம் நின்றால் நான் துணிந்து முடிவெடுப்பேன். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கேட்காமல் நகர்த்த மாட்டேன்.

மையைச் சான்றாகக் கொள்ளும்போது ஓர் எச்சரிக்கை. இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் எது மேலே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள். அடர்ந்த நிற மை, கீழே இருந்தாலும் மேலே இருப்பது போலத் தோன்றும். எந்தப் பேனா எதற்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்று பக்கம் முழுவதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. எல்லாம் ஒரே பேனாவால் எழுதப்பட்டிருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். கறுப்பு வெள்ளை நகலில் நீலமும் சிவப்பும் ஒன்றாகிவிடுவதால், நகல் வந்தால் மூலத்தையோ வண்ணப் படத்தையோ கேட்டு வாங்குகிறேன். கைபேசியில் எடுத்த படத்தில் முதலில் வெட்டுப்படுவது ஓரம், எண்கள் இருப்பதும் அங்கேதான். தாளின் நான்கு விளிம்பும் படத்தில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

அன்றிலிருந்து ஒவ்வோர் உரையையும் இரண்டு கோப்புகளாகச் செய்கிறேன். முதல் கோப்பில் எதையும் நகர்த்துவதில்லை. தாளில் இருக்கும் வரிசையிலேயே தட்டச்சு செய்து, குறிகளை அடைப்புக்குள் சொல்லால் எழுதிவிடுகிறேன்: [ஓரத்தில் சிவப்பு வட்டம் 3], [இந்த வாக்கியத்திலிருந்து நீல அம்பு, அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே]. இரண்டாவது கோப்பில்தான் இடமாற்றம். முடிந்ததும் இரண்டு கோப்புகளின் சொல் எண்ணிக்கையையும் ஒப்பிடுகிறேன், அடைப்புக் குறிப்புகளை நீக்கிவிட்டு. ஒரு சொல் குறைந்தாலும் கூடினாலும் எங்கோ ஒரு வரி விழுந்திருக்கிறது, அல்லது வெட்டி ஒட்டுவதற்குப் பதில் நகலெடுத்து ஒட்டியதால் இருமுறை வந்திருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருப்பது வரிசை சரி என்பதற்குச் சான்று ஆகாது, அதைப் படித்துத்தான் அறிய வேண்டும்.

ஆவணக் காப்பகங்களுக்காகப் படியெடுப்பவர்கள் பயன்படுத்தும் `TEI` குறிமுறையிலும் இதே பிரிவினைதான். உரை தாளில் உள்ளபடியே இருக்கும், இடமாற்றம் தனியாகப் பதிவாகும். பத்திகளுக்கு அடையாளம் கொடுத்துவிட்டு, அவை எந்த வரிசையில் சேர வேண்டும் என்பதை அதே வரிசையில் எழுதிவிட்டால் போதும்.

```
<listTranspose>
  <transpose>
    <ptr target="#ஆ"/>
    <ptr target="#இ"/>
    <ptr target="#அ"/>
  </transpose>
</listTranspose>
```

‘போகும் இடமா, வரும் பத்தியா’ என்ற குழப்பத்துக்கு இங்கே இடமே இல்லை. குறிமுறை தெரியாதவர்களும் “வரிசை: ஆ, இ, அ” என்று கோப்பின் மேலே ஒரு வரி எழுதி வைக்கலாம், பயன் அதேதான்.

எல்லாவற்றையும் நகர்த்திய பிறகு, ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியையும் அடுத்த பத்தியின் முதல் வரியையும் சேர்த்து வாய்விட்டுப் படிக்கிறேன். ‘அதனால்’, ‘மேலே சொன்ன’, ‘இரண்டாவதாக’, ‘அந்த’, ‘அப்போது’ போன்ற சொற்கள் முன்னே போனதைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. முன்னே இருந்தது மாறினால் அவற்றின் பிடி நழுவும். வாக்கியம் கிளம்பிப் போன பழைய இடத்தையும் இப்படிப் படிக்க வேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். சாவி வாக்கியம் போனதும் ஈ-யில் மிஞ்சியது இதுதான்: “நாளை முதல் புதியவர் ஒருவர் வருவார். அந்த ஒழுங்கை நாம் காப்பாற்ற வேண்டும்.” எந்த ஒழுங்கை? முந்தைய பத்தியின் கடைசி வாக்கியம் அதைச் சொல்கிறது என்றாலும், நடுவில் புதியவர் வந்து நின்றுவிட்டார்.

இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். “அவர் காட்டிய ஒழுங்கை” என்று மாற்றிவிடலாம் என்று தோன்றும். மாற்றக் கூடாது. உரை அவருடையது, மேடையில் நிற்கப்போவதும் அவர்தான். நான் அவருக்கு அனுப்பிய திருத்திய பிரதியில் அந்த வரியை உள்ளபடியே விட்டு, அருகே ஒரு குறிப்பு மட்டும் எழுதினேன்: “முன் வாக்கியம் மேலே போய்விட்டது. ‘அந்த ஒழுங்கை’ என்பதை இப்படியே வைக்கலாமா?”

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ஈ-யின் முதல் இரண்டு வாக்கியங்களையும் முன்பின்னாக மாற்றிக்கொண்டிருந்தார். “அந்த ஒழுங்கை நாம் காப்பாற்ற வேண்டும். நாளை முதல் புதியவர் ஒருவர் வருவார்.” எனக்குத் தோன்றிய திருத்தத்தைவிட அது நன்றாக இருந்தது.