ரெஸ்யூமேயில் ஒரு தேதி, லிங்க்ட்இனில் வேறொரு தேதி

வேலைக்குத் தேர்வானவர்களின் பின்புலத்தைச் சரிபார்ப்பது என் பணி. முந்தைய நிறுவனத்திடம் நாங்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றே விவரங்கள்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசியாக வகித்த பதவி. பதில் வந்ததும் அதை ரெஸ்யூமேயோடும் லிங்க்ட்இன் பக்கத்தோடும் ஒப்பிடுவேன். மூன்றில் ஒன்று விலகி நின்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். பொய் சொல்லும் எண்ணமே இல்லாத பலர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

தரவுப் பகுப்பாய்வாளர் ஒருவரின் கோப்பு நினைவுக்கு வருகிறது. 2019 ஜூலை முதல் 2023 நவம்பர் வரை ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்ததாக ரெஸ்யூமேயில் எழுதியிருந்தார். அந்த நிறுவனமோ, அவர் சேர்ந்தது 2021 மார்ச்சில் என்று பதில் அனுப்பியது. இடைவெளி இருபது மாதங்கள். அவருடைய லிங்க்ட்இன் பக்கத்தைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த இருபது மாதங்களும் அவர் அதே அலுவலகத்தில், அதே மேசையில்தான் இருந்திருக்கிறார்; ஆனால் ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தப் பணியாளராக. சம்பளம் தந்ததும் நியமனக் கடிதம் தந்ததும் அந்த ஆள்சேர்ப்பு நிறுவனம். லிங்க்ட்இனில் இரண்டையும் தனித்தனியாகச் சரியாகப் பதிந்திருந்தவர், ரெஸ்யூமேயில் இடம் மிச்சமாகட்டும் என்று ஒன்றாக்கிவிட்டார். ஒப்பந்தக் காலத்துக்கான கடிதத்தை அவர் தேடிக் கொண்டுவரும் வரை பணி ஆணை காத்திருந்தது.

இதை எழுதும் முறை எளிது. யாருடைய கடிதத்தில் உங்கள் பெயர் இருக்கிறதோ அந்த நிறுவனமே வேலை கொடுத்தவர். எந்த அலுவலகத்துக்காக உழைத்தீர்கள் என்பதை அதன் கீழே விளக்க வரியில் சொல்லலாம். லிங்க்ட்இனில் பணியின் வகையைக் குறிக்கத் தனிக் கட்டமே இருக்கிறது. அதில் ஒப்பந்தம் என்று தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நினைவிலிருந்து எழுதாதீர்கள். நியமனக் கடிதத்தையும் பணி விடுவிப்புக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு தாள் தயாரியுங்கள். நிறுவனத்தின் பெயர், கடிதத்தில் உள்ளபடி பதவி, சேர்ந்த மாதம், விலகிய மாதம், பட்டத்தின் பெயர், முடித்த ஆண்டு. இவை எந்தத் தளத்திலும் மாறக் கூடாது. கடிதத்தில் 'அசோசியேட் 2' என்று இருந்தால் பதவிக் கட்டத்தில் அதுவே வரட்டும். அது வெளியாருக்குப் புரியாது என்பது நியாயமான கவலைதான். நீங்கள் உண்மையில் செய்யும் வேலையைச் சொல்ல லிங்க்ட்இனில் பெயருக்குக் கீழே 220 எழுத்துக்குறிகள் கொள்ளும் தலைப்பு வரி இருக்கிறது. 'தரவுப் பகுப்பாய்வாளர்' என்று அங்கே தாராளமாக எழுதுங்கள்.

அந்தத் தாளில் உள்ளவை தவிர மற்றவற்றின் தொனியைத் தளத்துக்கு ஏற்ப மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மேலே சொன்னவரின் ரெஸ்யூமேயில் 'மாதாந்திர அறிக்கைத் தயாரிப்பு ஆறு மணி நேரத்திலிருந்து நாற்பது நிமிடமாகக் குறைப்பு' என்று ஒரு வரி இருந்தது. ரெஸ்யூமேக்குப் பொருத்தமான இறுக்கம். லிங்க்ட்இனில் அதையே கதையாக விரித்து, 'இந்த மாற்றத்தை நான் வழிநடத்தினேன்' என்று எழுதியிருந்தார். விசாரித்தபோது, அது மூவர் சேர்ந்து செய்த வேலை. இவர் எழுதியது தரவைச் சுத்தம் செய்யும் பகுதியை. ரெஸ்யூமே வரியில் எழுவாய் இல்லாததால் யார் செய்தார்கள் என்ற கேள்வியே எழவில்லை. தன்மையில் விரித்து எழுதும்போது 'குறைத்தேன்' என்பதா, 'குறைத்தோம்' என்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த ஒரு விகுதியில் தொனி மாற்றம் உரிமை கோரலாகிவிடுகிறது.

அவர் பிறகு இப்படித் திருத்தினார்: 'மூன்று பேர் கொண்ட எங்கள் குழு, ஆறு மணி நேரம் எடுத்த அறிக்கையை நாற்பது நிமிடத்துக்குக் கொண்டுவந்தது. தரவைச் சுத்தம் செய்யும் நிரல்கள் என்னுடையவை. தேதிகள் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்ததுதான் பெரிய தலைவலி.' முன்பிருந்ததைவிட இது நன்றாக இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தேதிச் சிக்கலைப் பற்றி நேர்காணலில் யார் கேட்டாலும் அவரால் அரை மணி நேரம் பேச முடியும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் அறிமுகத்தில் 160 எழுத்துக்குறிகள்தான் கிடைக்கும். அங்கே 'பைத்தானில் தரவு சுத்திகரிப்பு நிரல்கள் எழுதுகிறேன்' என்று மட்டும் போட்டார். மூன்று இடங்கள், மூன்று குரல்கள், ஒரே வேலை.

வேலையை விட்டு விலகினால் அன்றே லிங்க்ட்இனில் முடிவு மாதத்தைக் குறியுங்கள். அதை மறந்தால், இன்னும் அங்கேயே பணியாற்றுவதாகப் பக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். நான் அடிக்கடி காணும் பிழை இது. திருத்திய பின் கணக்கிலிருந்து வெளியேறி, வெளியாள் பார்ப்பதுபோல் ஒருமுறை பாருங்கள். வேலைவாய்ப்புத் தளங்களில் முன்பு ஏற்றிய ரெஸ்யூமே கோப்புகளையும் நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். அந்தப் பகுப்பாய்வாளர் எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும், 2019 ஜூலை என்று தொடங்கும் அவருடைய பழைய கோப்பு ஒரு தளத்தில் அப்படியே கிடந்தது. நான் சொன்ன பிறகுதான் அதை ஏற்றியதே அவருக்கு நினைவுக்கு வந்தது.