என்டிஏ-வில் எதைத் திருத்தக் கேட்க வேண்டும்? ஒரு டிசைனரின் நான்கு பக்க ஒப்பந்தம்

ஃப்ரீலான்சர்கள் என்னிடம் பார்க்கக் கொடுக்கும் என்டிஏ எனும் ரகசியக் காப்பு ஒப்பந்தங்கள் பலவற்றை, "தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறேன். நாங்கள் சொல்வதை வெளியே சொல்லாதீர்கள், இந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள், முடிந்ததும் ஃபைல்களைத் திருப்பிக் கொடுங்கள், மூன்று வருடத்துக்கு இது பொருந்தும். இவ்வளவுதான் இருக்கிறது என்றால் பேரம் பேச ஒன்றுமில்லை. ரகசியக் காப்பு என்ற தலைப்பின் கீழ் ரகசியத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள் ஏறி உட்காரும்போதுதான் தகராறு.

அப்படி ஒன்று சில காலம் முன்பு வந்தது. ஆளைத் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கோவையில் இருந்து வேலை செய்யும் ஒரு ஆப் டிசைனர். மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் ஆப் ஒன்றுக்குத் திரைகள் வரைந்து கொடுக்க வேண்டும். மொத்தக் கட்டணம் 60,000 ரூபாய். இடையில் இருந்த ஏஜென்சி நான்கு பக்க என்டிஏ அனுப்பி, இன்று மாலைக்குள் கையெழுத்து வேண்டும் என்றது.

முதலில் பார்க்க வேண்டியது, 'ரகசியத் தகவல்' என்று எதைச் சொல்கிறார்கள் என்பதை. இந்தத் தாளில் இப்படி இருந்தது: "இப்பணி தொடர்பாக எந்த வடிவிலும் பெறப்பட்ட அல்லது உருவாக்கப்பட்ட அனைத்துத் தகவல்களும், இந்த ஒப்பந்தம் உள்ளது என்பதும்." இதில் 'உருவாக்கப்பட்ட' என்ற ஒரு சொல் போதும். கிளையன்ட் கொடுத்த நோயாளி விவரம், விலைத் திட்டம் எல்லாம் ரகசியம் என்பது நியாயம். ஆனால் அவர் வரைந்த திரைகளும் அதே கூடைக்குள் போய்விடுகின்றன. ஆப் வெளியாகி ஊரே டவுன்லோடு செய்த பிறகும் அதைத் தன் போர்ட்ஃபோலியோவில் காட்ட முடியாது. அதைவிட மோசம், அவர் பல வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் பட்டன்கள், படிவங்கள், ஐகான்கள் அடங்கிய சொந்தத் தொகுப்பு. அதை எடுத்துத்தான் இந்த வேலையையும் செய்யப்போகிறார். நாளைக்கு வேறொரு கிளையன்டுக்கு அதையே பயன்படுத்தினால், "எங்கள் ரகசியம் இது" என்று நோட்டீஸ் வர இடமிருக்கிறது.

ஒழுங்காக எழுதிய என்டிஏ-வில் விதிவிலக்குகள் தனியாக இருக்கும். ஏற்கெனவே பொதுவெளியில் இருப்பது, உங்களுக்கு முன்பே தெரிந்தது, வேறொருவர் முறையாகச் சொன்னது, இவர்கள் தகவலைத் தொடாமல் நீங்களே உருவாக்கியது, கோர்ட்டோ அரசு அதிகாரியோ கேட்டால் கொடுக்க வேண்டியது. இந்தத் தாளில் ஒன்றுகூட இல்லை. ஒப்பந்தம் இருப்பதே ரகசியம் என்றால், வருமான வரிக் கணக்குக்காக ஆடிட்டரிடம் அந்தத் தாளைக் காட்டுவதுகூட மீறல்தான். எழுதியவருக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது. எங்கிருந்தோ எடுத்த பழைய டிராஃப்ட், அவ்வளவுதான்.

மூன்றாம் பக்கத்தில், "பணி முடிந்த 2 ஆண்டுகளுக்கு மருத்துவத் துறை சார்ந்த வேறெந்த நிறுவனத்துக்கும் இதுபோன்ற பணி செய்யக்கூடாது" என்று ஒரு வரி. இதற்குப் பலர் சொல்லும் ஆறுதல்: இந்தியாவில் இது செல்லாது, பேசாமல் போடுங்கள். பாதி சரி. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவு, தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றமும், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் தொடரும் கட்டுப்பாடு இந்தப் பிரிவின்படி நிற்காது என்றது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போடும் கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. அதனால் 'பணிக்காலம்' எப்போது முடிகிறது என்று எழுதாவிட்டால் அதுவே ஒரு சண்டை. வெளிநாட்டு கிளையன்ட், அவர்கள் ஊர்ச் சட்டம் என்று எழுதியிருந்தால் 27-ஆம் பிரிவை நம்பி இருக்க முடியாது. நடைமுறையில் இன்னொன்றும் உண்டு. செல்லாத வரியைக் காட்டியே கடைசித் தவணையை நிறுத்தி வைப்பார்கள். அந்த 20,000 ரூபாய்க்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர் யார்?

அப்புறம் பணம். எந்த மீறலுக்கும் 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு என்று இருந்தது. டிசைனர் பயந்தது இந்த எண்ணைப் பார்த்துத்தான். எனக்கு அதைவிட அதன் கீழே இருந்த வரிதான் உறுத்தியது. ஒப்பந்தத்தில் ஒரு தொகையைக் குறிப்பிட்டிருந்தால், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி கோர்ட் அதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாது. அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் தரும். அந்த விதத்தில் 25 லட்சம் ஒரு உச்சவரம்பு. கீழே இருந்த வரியோ, "இதனால் எழும் அனைத்து இழப்பு, செலவு, வழக்கறிஞர் கட்டணம் முழுவதையும் ஈடு செய்வேன்" என்றது. அதற்கு வரம்பே கிடையாது.

கடைசிப் பக்கத்தில் இன்னொன்று: பணியில் உருவாகும் எல்லா உரிமையும் "உருவான கணமே" ஏஜென்சிக்குச் சேரும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். என்டிஏ-வும் கையெழுத்துப் போட்ட தாள்தானே. பணம் வரும் முன்பே உரிமை போய்விடும்.

எல்லாவற்றையும் திருத்தக் கேட்டால் வேலை கைவிட்டுப் போகும் என்று அவர் தயங்கினார். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். அதனால் டிசைனரை மட்டும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தை இருபக்கமும் பொருந்தும்படி மாற்றக் கேட்கவில்லை, ரகசியம் காக்க அதில் போட்டிருந்த 5 வருடக் காலத்தையும் விட்டுவிட்டோம். மற்ற கோரிக்கைகள் ஒரே மெயிலில், ஒவ்வொன்றுக்கும் மாற்று வாசகத்தோடு. மாற்று வாசகம் முக்கியம். "இது சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அது அவர்களின் லீகலுக்குப் போய் அங்கேயே தூங்கும். மெயிலின் சாரம் இது:

"ரகசியத்தைக் காப்பதில் எனக்கு முழுச் சம்மதம். நான் முன்பே வைத்திருந்த டிசைன் தொகுப்பும் வழக்கமான ஐந்து விதிவிலக்குகளும் ரகசியத் தகவலில் சேராது என்று சேர்க்க வேண்டுகிறேன். வக்கீல், ஆடிட்டரிடம் காட்ட அனுமதி வேண்டும். ஆப் வெளியான பின் பொதுமக்கள் பார்க்கக்கூடிய திரைகளை மட்டும் போர்ட்ஃபோலியோவில் காட்டுவேன். 2 ஆண்டுத் தடையை நீக்கவும். உங்கள் தகவலை வேறு யாருக்கும் பயன்படுத்த மாட்டேன் என்பது ஏற்கெனவே 4-ஆம் ஷரத்தில் உள்ளது. நஷ்டஈடு, செலவு எல்லாம் சேர்த்து ஒரு வரம்புக்குள் இருக்கட்டும். உரிமை மாற்றம் முழுப் பணம் வந்த பிறகு என்று பணி ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம்."

மறுநாளே பதில் வந்தது. விதிவிலக்குகளும் ஆடிட்டரும் பேச்சில்லாமல் சரி. போர்ட்ஃபோலியோவுக்கு ஒவ்வொரு முறையும் மெயிலில் அனுமதி கேட்க வேண்டும் என்றார்கள். "காரணமின்றி மறுக்கக்கூடாது" என்று சேர்த்து ஒத்துக்கொண்டோம். 2 ஆண்டுத் தடை போய், ஏஜென்சியின் இந்த ஒரு கிளையன்டிடம் ஓராண்டுக்கு நேரடியாக வேலை கேட்டுப் போகக்கூடாது என்று சுருங்கியது. அது நியாயமான கோரிக்கை. உரிமை மாற்றமும் பணி ஒப்பந்தத்துக்குப் போனது. வரம்பை மட்டும் கட்டண அளவுக்கு இறக்க முடியவில்லை. 5 லட்சத்தில் நின்றது, வேண்டுமென்றே வெளியிட்டால் வரம்பு இல்லை என்ற நிபந்தனையோடு. நோயாளி விவரம் புழங்கும் வேலையில் அதற்குமேல் இழுக்க வேண்டாம் என்றேன்.

பதிலுக்கு, "எங்கள் டிராஃப்டில் ஒரு எழுத்துகூட மாறாது" என்று வந்திருந்தால், தொகுப்பும் உரிமை மாற்றமும் சம்பந்தப்பட்ட இரண்டு வரிகளுக்காக மட்டும் வேலையை விட்டுவிடச் சொல்லியிருப்பேன். திருத்தங்கள் கடைசியில் கையெழுத்தாகும் தாளிலேயே ஏறியிருக்கின்றனவா என்று பார்க்கவும் சொன்னேன். பல என்டிஏ-க்களின் கடைசி ஷரத்து, இந்தத் தாளுக்கு வெளியே பேசியது எதுவும் கட்டுப்படுத்தாது என்றுதான் இருக்கும். போனில் "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்றது அதில் சேராது.