ஒலி விளக்கமா, காட்சி விவரிப்பா?

பெரம்பூர் பக்கம் ஒரு சின்ன அரங்கில் குறும்படம் திரையிட்டார்கள். பார்வையற்றவர்களும் வந்திருந்தார்கள். “இந்தப் படம் ஒலி விளக்கத்துடன் திரையிடப்படுகிறது” என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததும், எனக்கு முன் வரிசையில் வெள்ளைக்கோலோடு உட்கார்ந்திருந்த பெரியவர் பக்கத்து ஆளிடம் கேட்டார்: “இன்னாத்துக்குப்பா சத்தத்துக்கு வெளக்கம்? சத்தம்தான் எனக்கே கேக்குதே?”

இந்த ‘ஒலி விளக்கம்’ அழைப்பிதழ், அரசுச் செய்திக்குறிப்பு, செயலிகளின் தமிழ்ப் பட்டியல் என்று எல்லா இடத்திலும் வந்துவிட்டது. எழுதுகிறவர்கள் அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முதலில் பொருள். ‘ஒலி விளக்கம்’ என்று இவர்கள் பெயர்த்திருக்கும் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்பது, திரையிலோ மேடையிலோ கண்ணுக்கு மட்டும் தெரிகிறதை, வசனங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிகளில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வருவது. ‘ஆடியோ’ லத்தீனில் ‘கேட்கிறேன்’. ‘டிஸ்கிரிப்ஷன்’ என்பதற்கு வேர் ‘எழுதிக் காட்டு’. 1970களில் சான் பிரான்சிஸ்கோவில் கிரிகரி ஃபிரேசியர் இதை ஆய்வாக எழுதினார். 1981இல் வாஷிங்டனில் மார்கரெட் ஃபான்ஸ்டீல், கோடி ஃபான்ஸ்டீல் தம்பதியர் அரீனா ஸ்டேஜ் நாடக அரங்கில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வேர்க்கதை இவ்வளவு போதும்.

ஆங்கிலத்திலேயே இந்தப் பெயரில் சண்டை இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1990இல் பாஸ்டன் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இந்தச் சேவையைத் தொடங்கியபோது வைத்த பெயரில் ‘வீடியோ’தான் இருந்தது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் விதிகளும் 2020 வரை ‘வீடியோ டிஸ்கிரிப்ஷன்’ என்றே சொல்லிவந்தன. எதை விவரிக்கிறோமோ அதன் பெயர். பிறகு ‘ஆடியோ’வுக்கு மாறினார்கள். அவர்கள் காதில் அது ‘கேட்கும் வடிவில் விவரிப்பு’ என்று விழுகிறது. தமிழில் ‘ஒலி விளக்கம்’ என்று சேர்த்தால் அப்படி விழாது. ‘சொல் விளக்கம்’ என்றால் சொல்லுக்கு விளக்கம், ‘பாட விளக்கம்’ என்றால் பாடத்துக்கு விளக்கம். ஆகவே ‘ஒலி விளக்கம்’ என்றால் ஒலிக்கு விளக்கம். பெரியவர் இலக்கணப்படிதான் கேட்டார்.

இன்னும் மோசம், ஒலிக்கு விளக்கம் என்ற வேலை உண்மையாகவே தனியாக இருக்கிறது. காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் ‘கதவு தட்டும் ஓசை’, ‘தூரத்தில் ரயில்’ என்று போடுகிறார்களே, அது. ஆக, பார்வையற்றவருக்கான சேவைக்குக் காது கேளாதவருக்கான சேவையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அந்த அடிவரிக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். ‘க்ளோஸ்டு கேப்ஷன்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரை ‘மூடிய தலைப்புகள்’ என்று பெயர்த்ததை ஓரிடத்தில் பார்த்தேன். அகராதியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, பொருளைப் பார்க்காமல் பெயர்த்தால் இப்படித்தான் வரும்.

‘ஒலி’யையாவது மன்னித்துவிடலாம். எனக்கு ஆகாதது ‘விளக்கம்’. இந்த வேலையில் செய்யவே கூடாத ஒன்று உண்டென்றால் அது விளக்குவது. பெயரே தப்பான வேலையைச் சொல்லிக்கொடுக்கிறது. அன்று நான் கேட்ட எழுத்தும் அந்தப் பெயருக்கு விசுவாசமாகத்தான் இருந்தது.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் நடப்பதாக ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். ஏலக்காரர் விலை கூவுகிறார். கூடைக்காரி முனியம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து நோட்டுகளை எண்ணுகிறாள். பாதியில் கை நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் சரோஜாவைப் பார்க்கிறாள். சரோஜா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வசனம் எதுவும் இல்லை. ஒரு கூவலுக்கும் அடுத்த கூவலுக்கும் நடுவே நாலு விநாடி, அதற்கடுத்து இன்னொரு நாலு விநாடி. நமக்குக் கிடைக்கிற இடம் அவ்வளவுதான்.

‘விளக்கம்’ எழுதுகிறவர் இப்படி எழுதுவார்: “பணம் போதாமல் தவிக்கும் முனியம்மா உதவியை எதிர்பார்த்து ஏக்கத்தோடு தன் தோழியைப் பார்க்க, அவளோ ஈவிரக்கமின்றி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.” வாசித்துப் பாருங்கள், எட்டு விநாடிக்கும் மேல் ஓடி ஏலக்காரர் குரலை மிதிக்கும். அதைவிடப் பெரிய குற்றம் வேறு. பணம் போதவில்லை என்று படம் இன்னும் சொல்லவில்லை. சரோஜாவுக்கு ஈவிரக்கம் இல்லையா, அவள் பையும் காலியா என்பது யாருக்கும் தெரியாது. கண் தெரிகிறவர் அதைத் தானாக யோசித்துக்கொள்கிறார். அந்த யோசனையைப் பார்வையற்றவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு விடையைக் கையில் திணிப்பதுதான் விளக்கம்.

எழுத வேண்டியது இது. முதல் இடைவெளியில், “முனியம்மா சுருக்குப்பையைத் திறக்கிறாள். நோட்டுகளை எண்ணுகிறாள். நிறுத்துகிறாள்.” ஏலக்காரர் கூவட்டும். அடுத்த இடைவெளியில், “சரோஜாவைப் பார்க்கிறாள். சரோஜா முகம் திருப்புகிறாள்.” அவ்வளவுதான். ஏக்கம், தவிப்பு எல்லாம் கேட்கிறவர் மனதில் தானாக வரும். இரண்டாம் முறையும் ‘சரோஜா’ என்று பெயர் சொன்னது வீணான நீட்டல் இல்லை. அங்கே ‘அவள்’ போட்டால் திரும்பியது எந்த அவள் என்று தெரியாது. எழுதினவருக்குப் படம் கண்ணில் தெரிவதால் இந்தக் குழப்பம் அவருக்கு உறைக்காது. திரையை அணைத்துவிட்டு, படம் பார்க்காத ஒருவருக்கு ஒலியை மட்டும் போட்டுக் காட்டி, “யாரு மூஞ்சியத் திருப்புனது?” என்று கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

ஆங்கிலக் கையேட்டைப் பெயர்த்து வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, நம் வினைச்சொல் கடைசியில் வருவது. “தலையில் ஐஸ் பெட்டியோடு வரும் பையனை இடித்துத் தள்ளிவிட்டு லுங்கிக்காரன் ஓடுகிறான்” என்று எழுதினால், ‘ஐஸ் பெட்டி’யைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெட்டி உடைகிற சத்தம் வந்துவிடும். என்ன உடைந்தது, யார் உடைத்தார் என்று தேடுவதற்குள் காட்சி போய்விடும். வாக்கியத்தை உடைத்து, சத்தத்துக்கு ஒரு மூச்சு முன்னால் வைக்க வேண்டும்: “லுங்கிக்காரன் ஓடுகிறான். எதிரே ஐஸ் பெட்டியோடு பையன்.” அப்புறம் சத்தம். மோதினான் என்று நாம் சொல்லவே வேண்டாம். காது சொல்லிவிடும்.

இரண்டாவது, அன், ஆள், ஆர். ஆங்கிலத்தில் கலெக்டருக்கும் கூடைக்காரிக்கும் ஒரே ‘ஷி’. தமிழில் வினை முடியும்போது மரியாதையும் சேர்ந்தே முடிகிறது. கலெக்டர் ‘இறங்குகிறார்’, கூடைக்காரி ‘எண்ணுகிறாள்’ என்று அன்றைய விவரிப்பில் கேட்டேன். வடசென்னைக்காரி என்றால் ‘ஆள்’ போதும் என்று யார் முடிவு செய்தது? எல்லோருக்கும் ‘ஆர்’ போட்டால் நியாயம்தான், ஆனால் ஆணா பெண்ணா என்பது மறைந்துபோகும். கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் காட்சியில் “எழுந்து போகிறார்” என்றால் போனது யார்? அதனால் என் கட்சி, படம் முழுக்க எல்லோருக்கும் அன், ஆள். கலெக்டரும் ‘இறங்குகிறாள்’. இது சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். கதை சொல்கிற மொழியில் ராஜாவே ‘வந்தான்’ ஆகும்போது கலெக்டருக்கு என்ன கேடு?

சரி, வேறு பெயர் என்ன? ‘வர்ணனை’ என்று ஒரு கூட்டம் சொல்கிறது. வானொலியில் கிரிக்கெட்டுக்கு நேர்முக வர்ணனை கேட்டு வளர்ந்தவர்கள். நல்ல பழகின சொல், கேட்டதும் புரியும். ஆனால் நேர்முக வர்ணனையாளருக்கு ஆட்டத்தைக் கொண்டாட உரிமை உண்டு. வியாசர்பாடி மைதானத்தில் மைக் பிடிக்கிறவர் கோல் விழுந்ததும் கத்தாமல் இருந்தால் அடுத்த வருஷம் கூப்பிடமாட்டார்கள். படத்துக்கு விவரிக்கிற குரல் கத்தினால் நடிகரோடு போட்டிக்கு நிற்பதாகும். வர்ணம் பூசுவது வர்ணனை. இங்கே பூச்சு வேலை கிடையாது.

‘ஒலிச்சித்திரம்’ என்ற சொல்லை மீட்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அழகான சொல், மனசு கேட்கவில்லை. ஆனால் அதற்கு ஏற்கெனவே குடித்தனம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒரு முழுப்படத்தின் ஒலியைச் சுருக்கிப் போட்டார்களே, அதன் பெயர். அதில் வசனமும் பாட்டும் உண்டு, நடுவே விவரிக்கும் குரல் கிடையாது. சண்டைக் காட்சி வந்தால் ‘டிஷ்யூம்’ மட்டும் கேட்கும், அடித்தது யார் என்பது அவரவர் கற்பனை. ஒலிச்சித்திரத்தில் எது இல்லையோ, அதற்குத்தான் இப்போது பெயர் தேடுகிறோம்.

நான் எழுதுவது ‘காட்சி விவரிப்பு’. எதை விவரிக்கிறோம் என்று முதல் சொல் சொல்கிறது, என்ன செய்கிறோம் என்று இரண்டாவது சொல்கிறது. ‘விவரி’ வடமொழி, ‘காட்சி விரிப்பு’ என்று போடு என்று தனித்தமிழ் அன்பர் ஒருவர் கோபித்தார். விரிப்பு என்றால் எங்கள் தெருவில் பாய்க்கு மேல் போடுவது. ‘விவரம்’ தண்டையார்பேட்டை டீக்கடையில் தினமும் புழங்கும் சொல், “விவரமா சொல்லு” என்றால் குழந்தைக்குக்கூடப் புரியும். அதன் வடமொழி மூலத்துக்கே ‘மூடியதைத் திறப்பது’ என்றுதான் பொருள், வேலைக்கும் பொருந்துகிறது. ‘காட்சியுரை’ குட்டையாக நன்றாக இருக்கிறது, ஆனால் உரை என்றதும் பரிமேலழகர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். உரையாசிரியரின் வேலையும் விளக்கம்தானே?

இதெல்லாம் இப்போது வெறும் வாய்ச்சண்டை இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. 2023 ஜனவரியில் ‘பதான்’ படம் ஓடிடிக்கு வரும்போது இந்த வசதி வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு திரையரங்குகளுக்கான வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. ஆக, சான்றிதழிலும் சுவரொட்டியிலும் டிக்கெட் செயலியிலும் ஒரு தமிழ்ப் பெயர் அச்சாகப் போகிறது. அச்சான பிறகு மாற்றுவது யாராலும் ஆகாது.

என் சொல்லிலும் ஓட்டை ஒன்று உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். நம்மூர்த் திரையரங்கில் ‘காட்சி’ என்றால் காலைக் காட்சி, மாலைக் காட்சி. ‘மாலைக் காட்சிக்குக் காட்சி விவரிப்பு உண்டு’ என்று கவுன்டரில் எழுதி ஒட்டினால் நாக்கு தடுக்கும், காட்சி நேரப் பட்டியல் என்று நினைக்கிறவர்களும் இருப்பார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் ‘பார்வையற்றோருக்கான விவரிப்பு உண்டு’ என்று எழுதிவிடுங்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் ‘காட்சி விவரிப்பு’ என்று போட்டு, பக்கத்தில் எழுதினவர் பெயர், குரல் தந்தவர் பெயர் இரண்டையும் போடுங்கள். பெரம்பூரில் அன்று இரண்டுமே இல்லை.