படத்தில் தெரியும் வெள்ளை எல்லாம் நரை அல்ல

கும்பகோணத்தில் இருக்கும் என் அக்கா சென்ற மாதம் தன் தலையின் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். உச்சியிலிருந்து எடுத்த படம். வகிட்டின் இருபுறமும் அகலமான வெள்ளைப் பட்டை. "பாதித் தலை வெளுத்துவிட்டது தம்பி. டை அடிப்பதா, ஹைலைட்ஸ் போடுவதா, இப்படியே விட்டுவிடுவதா, நீயே சொல்" என்று எழுதியிருந்தார். அவருக்கு வயது 49. மூன்று ஆண்டுகளாக மாதந்தோறும் கறுப்பு டை பூசி வந்தவர், சலித்துப்போய் இரண்டு மாதமாக நிறுத்தியிருந்தார். இரவில், ஃபிளாஷ் போட்டு, எண்ணெய் தடவிய தலையில் எடுத்த படம் அது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று பதில் அனுப்பினேன்.

காரணம் முடியின் மேற்பரப்பில் இருக்கிறது. ஒவ்வொரு முடியின் மேலும் கூரை ஓடுகளைப் போல மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. விளக்கொளி அந்தச் செதில்களில் பட்டு, உள்ளே போகாமலேயே ஒரு பகுதி திரும்பிவிடும். அப்படித் திரும்பும் ஒளிக்கு முடியின் நிறம் ஏறுவதில்லை. விளக்கின் நிறமே இருக்கும். அதனால்தான் கன்னங்கரிய கூந்தலின் பளபளப்பு வெண்மையாகத் தெரிகிறது. எண்ணெய் தடவினால் மேற்பரப்பு இன்னும் வழவழப்பாகிப் பளபளப்பு கூடும். நரைமுடியின் வெண்மை வேறு வகையானது. அதில் மெலனின் என்னும் நிறமி இல்லை. உள்ளே நுழையும் ஒளியை விழுங்க ஆள் இல்லாததால், அது முடியின் உள்ளமைப்பில் சிதறி எல்லாத் திசைகளிலும் வெளியே வருகிறது. பளபளப்பு ஒரு கோணத்தில் மட்டும் தெரியும். நரை எந்தக் கோணத்திலும் தெரியும்.

இந்த வேறுபாட்டை வைத்தே ஒரு படத்தைச் சோதித்துவிடலாம். தலையை அசைக்காமல் விளக்கை மட்டும் இடம் மாற்றி இரண்டு படங்கள் எடுங்கள். நகர்ந்துபோகும் வெள்ளை பளபளப்பு. அதே இடத்தில் நிற்கும் வெள்ளை நரை. ஒரே படம்தான் கையில் இருக்கிறது என்றால் வெள்ளை ஓடும் திசையைப் பாருங்கள். பளபளப்பு பல முடிகளைக் குறுக்காகக் கடந்து தலையின் வளைவில் பட்டையாகக் கிடக்கும். நரை ஒவ்வொரு முடியின் நீளவாக்கில் இழையாக ஓடும். அக்காவின் படத்தில் இருந்த பட்டையில் பெரும்பகுதி குறுக்காகத்தான் கிடந்தது.

கைபேசியும் தன் பங்குக்குக் குழப்பும். சட்டத்துக்குள் கறுப்புத் தலை மட்டும் இருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று கருதிப் படத்தைத் தானே வெளுப்பாக்கும். கறுப்பு முடி சாம்பலாகிவிடும். அழகூட்டும் வசதி தோலோடு சேர்த்துத் தனித்தனி இழைகளையும் வழித்துவிடும். பின்னணியை மங்கலாக்கும் வசதியில் காதோரத்து முடிகள் கரைந்துபோகும், நரை அதிகம் தேட வேண்டிய இடமே அதுதான். ஆகவே அக்காவிடம் நான் கேட்டது இதுதான்: தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் நன்றாகக் காய்ந்த பிறகு, பகல் பதினொரு மணி அளவில், நேர்வெயில் படாத சன்னலருகே உட்கார வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம். தலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். தாள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் நிறத்தை நம்பலாம். தாளும் மஞ்சள், நரையும் மஞ்சள் என்றால் பழி விளக்கின் மேல். தாள் வெள்ளையாக இருந்து நரை மட்டும் மஞ்சளாக இருந்தால் முடியே மஞ்சளேறியிருக்கிறது என்று பொருள். எண்ணெய்ப் படிவு, வெயில், இரும்புச் சத்து மிகுந்த தண்ணீர் ஆகியவற்றால் நிறமியற்ற முடி அப்படி ஆவதுண்டு.

முன்நெற்றி, இரு காதோரம், உச்சி, பிடரி என ஐந்து இடங்களை எடுத்து அனுப்பினார். ஐந்து இடம் எதற்கு என்றால், நரை தலை முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. ஒவ்வொரு முடியும் தனித்தனி வேர்ப்பையில் வளர்கிறது. அந்தப் பையின் அடியில் இருக்கும் நிறமிச் செல்கள் வளரும் முடிக்குள் மெலனினை ஊட்டுகின்றன. முடி உதிர்ந்து புதிதாக முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் மூலச்செல்களிலிருந்து புதிய நிறமிச் செல்கள் உருவாக வேண்டும்; அந்த வழங்கல் நின்றுபோன பையிலிருந்து வெள்ளை முடிதான் வரும். எந்தப் பை எப்போது நிற்கும் என்பது பைக்குப் பை மாறும். ஆண்களுக்குப் பெரும்பாலும் காதோரத்திலும் கிருதாவிலும் தொடங்கும். பெண்களுக்குப் பலசமயம் நெற்றி ஓரத்தில் தொடங்கும். பிடரி பொதுவாகக் கடைசியில்தான் வெளுக்கும். நாம் சாம்பல் நிறம் என்று சொல்வதும் பெரும்பாலும் சாம்பல் முடி அல்ல. கறுப்பும் வெள்ளையும் கலந்து கிடப்பதைத் தூரத்திலிருந்து கண் ஒன்றாக்கிப் பார்ப்பதுதான்.

அளவை எண்ணித்தான் அறிய வேண்டும். கறுப்பின் நடுவே வெள்ளை எடுப்பாகத் தெரிவதால் கண்மதிப்பு உண்மையைவிடக் கூடுதலாகச் சொல்லிவிடும். சீப்பின் வால்முனையால் சிறு கற்றை ஒன்றை எடுத்து, வெள்ளைத் தாளின் மேல் ஒன்றும் கறுப்புத் துணியின் மேல் ஒன்றுமாகப் பரப்பிப் படம் எடுக்கச் சொன்னேன். தாளின் மேல் கறுப்பு முடிகளும் துணியின் மேல் வெள்ளை முடிகளும் தெளிவாகத் தெரியும். வேரை ஒட்டிய பகுதியில் ஐம்பது முடிகளை எண்ணினோம். முன்நெற்றியில் ஐம்பதுக்கு 31 வெள்ளை, உச்சியில் 11, பிடரியில் 2. காதோரம் இரண்டும் முன்நெற்றியை ஒத்திருந்தன. அதாவது முன்புறம் அறுபது விழுக்காட்டுக்குச் சற்று மேல், உச்சியில் இருபதைத் தாண்டி, பிடரியில் நான்கு. "பாதித் தலை" என்று அவர் நினைத்தது முகத்தைச் சுற்றிய ஒரு வளையம்.

அந்தப் படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. வேரிலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, எல்லா வெள்ளை முடிகளிலும் ஒரே உயரத்தில் வெள்ளை நின்று கறுப்பு தொடங்கியது. அது பழைய டையின் எல்லைக்கோடு. தோலுக்கு வெளியே வந்த முடி உயிரற்றது, அது அதற்குப் பிறகு தானாக நரைப்பதில்லை. இயற்கையாக நரைக்கும் முடியில் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடம் முடிக்கு முடி வெவ்வேறு உயரத்தில்தான் இருக்கும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இரண்டு மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டர். கணக்கு சரியாக வந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியில் நான் முதலில் பார்ப்பது இந்த எல்லைக்கோட்டைத்தான். நிலையான கறுப்பு டையில் அம்மோனியா செதில்களை விரிக்கிறது. பாராஃபெனிலின்டையமின் போன்ற சிறு மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய நிறமூலக்கூறுகளாக்குகிறது. பெரிதான பின் அவை எளிதில் வெளியே வர முடியாது. பூசிய இடத்தில் உறுதியாக நிற்கும் அந்த நிறத்துக்குக் கீழே, பத்து நாளில் மூன்று மில்லிமீட்டர் புது முடி வந்துவிடும். நூற்றுக்கு அறுபது வெள்ளை உள்ள வகிட்டில் அந்த மூன்று மில்லிமீட்டர் இருபுறமும் சேர்ந்து வெண்கோடாகத் தெரியும். பிடரியில் அதே மூன்று மில்லிமீட்டரை யாரும் கவனிக்கப்போவதில்லை. அக்கா சலித்துப்போனது இந்தக் கோட்டோடு ஓடி ஓடித்தான். தேவையே இல்லாத பிடரிக்கும் மூன்று ஆண்டுகள் சாயம் பூசியிருக்கிறார் என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஹைலைட்ஸ் அந்தக் கோட்டை வேறு வழியில் மறைக்கிறது. நரையைக் கறுப்பாக்காமல், கறுப்பு முடிகளில் சில கற்றைகளை வெளுத்து, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறைக்கிறது. நரை இருபது முப்பது விழுக்காடாகப் பரவலாகச் சிதறிக் கிடக்கும் தலைக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் நம் கறுப்பு முடியை வெளுக்கும்போது அது நேரே வெள்ளிக்குப் போவதில்லை. செம்பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாகப் போகும். பழுப்பிலேயே நிறுத்திக்கொள்வது முடிக்கு நல்லது. டை ஏறிய முடியில் இதைச் செய்வது சிக்கல். வேரருகே இரண்டு சென்டிமீட்டர் இயற்கை முடி ஒரு நிறத்துக்கும், மூன்று ஆண்டுச் சாயம் படிந்த மீதி திட்டுத்திட்டாக வேறு நிறத்துக்கும் போகும். மருதாணியோடு அவுரி பூசியவர்களுக்கு வெளுத்த இடம் பச்சை பாய்வதும் உண்டு. மேலே இன்னொரு சாயம் பூசி முடியை இளநிறமாக்கவும் முடியாது. சாயம் சாயத்தை வெளுக்காது. அக்காவுக்கு ஹைலைட்ஸ் வேண்டாம் என்றேன்.

அப்படியே விடுவதா? இயற்கை வெள்ளி அழகாக அமைய நரை ஓரளவு ஒருசேர இருக்க வேண்டும், அல்லது தெளிவான வடிவத்தில் இருக்க வேண்டும். முகத்தைச் சுற்றி வளையமாக வந்திருக்கும் அவருடைய நரைக்கு அந்த வடிவம் இருக்கிறது. தடை நீளம்தான். அறுபது சென்டிமீட்டர்க் கூந்தலின் நுனி ஐந்து ஆண்டு வயதானது. வெட்டாமல் காத்திருந்தால் பழைய கறுப்பு முழுவதும் நீங்க அத்தனை காலம் ஆகும். தோளளவுக்கு வெட்டினால் பாதி. அவர் வெட்ட மாட்டார்.

மிஞ்சியது ஒரு நடுவழி. அம்மோனியா இல்லாத, குறைந்த பெராக்சைடு கொண்ட அரைநிலைச் சாயத்தை முன்நெற்றியிலும் காதோரத்திலும் புதிதாக வளர்ந்த இரண்டு சென்டிமீட்டரில் மட்டும் பூசுவது. இந்த வகைச் சாயத்தால் கறுப்பு முடியை இளநிறமாக்க முடியாது. வெள்ளை முடிகளில் மட்டுமே நிறம் தெரியும். ஆகவே நிறத் தேர்வு முக்கியம். கறுப்பைத் தேர்ந்தால் பழைய கோடு திரும்ப வந்துவிடும். நிற அட்டைகளில் 1 என்பது கறுப்பு, எண் ஏற ஏற இளநிறம். 5 என்னும் இளம்பழுப்பைச் சொன்னேன். நரைமுடி அதை ஏற்று, தானே ஹைலைட்ஸ் போலக் கறுப்பினிடையே இழையும். இருபது, இருபத்தைந்து முறை தலை அலசுவதற்குள் மெல்ல மங்கும். அதனால் புது வெள்ளைக்கும் மங்கிய பழுப்புக்கும் இடையே கூரான கோடு விழாது. காதோரத்து நரை சாயத்தை எளிதில் ஏற்காது; அங்கே முதலில் பூசிக் கடைசியில் அலச வேண்டும்.

இதிலும் பாராஃபெனிலின்டையமினோ அதன் உறவுச் சேர்மமோ இருக்கக்கூடும். மூன்று ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை என்பது உத்தரவாதம் அல்ல, ஒவ்வாமை திடீரென்றும் தொடங்கும். பெட்டியில் சொன்ன முறைப்படி சிறிதளவு கலந்து, முழங்கை மடிப்பில் தடவி, 48 மணி நேரம் பார்க்கச் சொன்னேன். அரிப்போ சிவப்போ தென்பட்டால் அந்தப் பெட்டியைத் தொடவே கூடாது.

தோலில் ஒன்றும் ஆகவில்லை. பூசி ஐந்து வாரம் கழித்து அதே சன்னலருகே, அதே வெள்ளைத் தாளோடு படம் அனுப்பினார். வேரில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வெள்ளை வளர்ந்திருக்கிறது. அதற்கு மேலே மங்கிய பழுப்பு, அதற்கும் மேலே பழைய கறுப்பு. அந்தப் பழுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.